‘வசீகரா’ பாட்டின் நான்கு பெயர்களைச் செயலிக்குள்ளேயே கண்டுபிடிப்பது எப்படி?

மலைக்கோட்டை_ரவி

வணக்கம். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்கள் சேர்ந்து அடுத்த மாதம் திருச்சியில் ஒரு மெல்லிசை மாலை நடத்துகிறோம். மொத்தம் 14 பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர், தயாரித்தவர் என்று நான்கு பெயரையும் மேடையில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த அறிவிப்புத் தாளை எழுதும் வேலை என்னுடையது.

கூகுளில் தேடினால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொன்று சொல்கிறது. பாட்டு வெளியான செயலியிலேயே பார்த்தால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். ‘மின்னலே’ படத்தின் ‘வசீகரா’விலேயே சிக்கிக்கொண்டேன். நான் பயன்படுத்தும் செயலியில் "Written by" என்ற தலைப்பின் கீழ் ஹாரிஸ் ஜெயராஜ், தாமரை என இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. யார் இசை, யார் வரி என்று பிரித்துச் சொல்லவில்லை. இதே பாட்டு ஒரு காதல் பாடல் தொகுப்பிலும் இருக்கிறது, அங்கே தாமரைக்குப் பதிலாக வாலி. இன்னொரு பதிவில் சமீர் என்று வருகிறது. "Produced by" என்ற இடத்தில் ஒன்றில் ஹாரிஸ் பெயர், இன்னொன்றில் ஒரு கம்பெனி பெயர், மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

இந்தப் பாட்டை எழுதியவர் தாமரை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மற்ற 13 பாட்டுக்கும் எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. தெரியாத பாட்டில் எதை நம்புவது?

சங்கீதா_மதுரை

எனக்கும் இதே பிரச்சினைதான். பாட்டு ஓடும்போது வரிகள் ஒரு நொடி பின்தங்கி வருகின்றன. சில பாட்டுக்குத் தமிழ் வரிகள் ஆங்கில எழுத்தில் வருகின்றன. செட்டிங்கில் மொழியை மாற்றியும் சரியாகவில்லை. யாருக்காவது தெரியுமா?

மலைக்கோட்டை_ரவி

மேடம், நான் கேட்பது பாட்டின் வரிகளைப் பற்றியல்ல, வரிகளை எழுதியவரின் பெயரைப் பற்றி. உங்கள் கேள்வியைத் தனி இழையாகப் போட்டால் பதில் கிடைக்கும்.

செல்வம்_கே

ரவி சார், பெயர்ப் பட்டியலை எங்கே பார்க்கிறீர்கள்? பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் பெயர்களையா? அது ஆர்ட்டிஸ்ட் வரி, கிரெடிட் இல்லை. ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "View credits" போங்கள். ஆப்பிள் மியூசிக்கிலும் மூன்று புள்ளிதான், அங்கே "View Credits". யூடியூப் மியூசிக்கில் "View song credits". இதைத் திறந்தால் எல்லாம் தெளிவாக இருக்கும். தயாரிப்பாளர் என்றால் படத்தைத் தயாரித்தவர்தான், அதில் குழப்பமே இல்லை. கம்பெனி பெயர் வந்தால் அதை அப்படியே எழுதுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ISRC என்று ஓர் எண் இருக்கிறது. அதை வைத்துத் தேடினால் நான்கு பெயரும் வந்துவிடும்.

பதிவேடு_பரணி

ஆறு வருடம் சென்னையில் ஒரு டிஜிட்டல் விநியோக நிறுவனத்தில், பாட்டுகளின் விவரங்களைச் செயலிகளுக்கு ஏற்றி அனுப்பும் வேலை பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

செல்வம் சொன்ன பட்டன்கள் சரி. ஆனால் அதைத் திறந்ததும் எல்லாம் தெளிவாகிவிடும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பக்கத்தில் வரும் பெயர்களைச் செயலிக்காரர்கள் கண்டுபிடித்து எழுதுவதில்லை. பாட்டின் உரிமையை வைத்திருக்கும் லேபிளோ, அதன் சார்பில் விநியோகிப்பவரோ நிரப்பி அனுப்புவதுதான் அங்கே தெரிகிறது. பெரும்பாலும் ஓர் எக்செல் தாள். ஒரு பாட்டுக்கு ஒரு வரிசை. முதன்மைக் கலைஞர், பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் என்று தனித்தனிப் பத்திகள். நாங்கள் அனுப்பும்போது இசையும் வரியும் பிரிந்துதான் போகும். சில செயலிகள் காட்டும்போது இரண்டையும் "Written by" என்ற ஒரே தலைப்பில் சேர்த்துவிடும். ஆங்கிலப் பாப் பாட்டில் பெரும்பாலும் மெட்டும் வரியும் ஒரே குழு சேர்ந்து எழுதுவது, அந்த வழக்கத்துக்குச் செய்த தலைப்பு அது. நம் சினிமாப் பாட்டில் மெட்டு ஒருவர், வரி ஒருவர். அதனால் நமக்குத்தான் இடிக்கிறது.

ரவி, உங்கள் செயலி பிரித்துக் காட்டாவிட்டால் அதே பாட்டை யூடியூபில் தேடுங்கள். படக்காட்சியோடு வரும் வீடியோ வேண்டாம். ஆல்பத்தின் அட்டைப்படம் மட்டும் அசையாமல் நிற்கும், சேனல் பெயரில் "Topic" என்று இருக்கும், அந்தப் பதிவைத் திறங்கள். அதன் விவரக் குறிப்பை விரித்தால் ஏறக்குறைய இந்த மாதிரி இருக்கும்:

```
Provided to YouTube by (லேபிள்)
Vaseegara · Harris Jayaraj · Bombay Jayashri
℗ (ஆண்டு) (லேபிள்)
Composer: ...
Lyricist: ...
Auto-generated by YouTube.
```

லேபிள் அனுப்பிய தாளில் இருந்த பத்திகள் இங்கே பெரும்பாலும் கலக்காமல் வரும். Composer தனி, Lyricist தனி. லேபிள் பத்தியைக் காலியாக விட்டிருந்தால் அந்த வரியே இருக்காது. உங்கள் 14 பாட்டையும் முதலில் இப்படி ஒரு சுற்று பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மலைக்கோட்டை_ரவி

பரணி அண்ணா, பார்த்துவிட்டேன். ‘வசீகரா’வுக்குப் பிரிந்தே வருகிறது. Lyricist வரியில் தாமரை. 14-ல் 12 பாட்டுக்கு இந்த வரி இருக்கிறது, 2 பாட்டுக்கு இல்லை. ஆனால் தொகுப்பு ஆல்பத்தில் வாலி என்று எப்படி வந்தது? இரண்டுமே லேபிள் அனுப்பியதுதானே?

பதிவேடு_பரணி

அது எக்செல்லில் நடக்கும் தவறு. நானே ஆரம்ப நாட்களில் செய்திருக்கிறேன். ‘மின்னலே’யில் வாலியும் எழுதியிருக்கிறார், தாமரையும் எழுதியிருக்கிறார். ‘வெண்மதி’ வாலி, ‘வசீகரா’ தாமரை. தாளை நிரப்புபவர் முதல் வரிசையில் ஒரு பாடலாசிரியர் பெயரைப் போட்டு, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவார். இசையமைப்பாளர் பத்திக்கு அது சரி, படம் முழுக்க ஒருவர்தான். பாடலாசிரியர் பத்திக்கும் அதையே செய்தால் எல்லாப் பாட்டும் ஒரே ஆளின் பெயரில் போய்விடும். பழைய கேட்லாக்கை ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் ஏற்றும்போது இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் சந்தேகப்படும் பாட்டை மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஆல்பத்தில் மேலும் மூன்று, நான்கு பாட்டைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பாடலாசிரியர் இருந்து, படத்தின் டைட்டில் கார்டில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அந்தப் பத்தியை நம்பாதீர்கள். அதேபோல் தொகுப்பு ஆல்பத்தைவிடப் படத்தின் சொந்த ஆல்பத்தையே நம்புங்கள். தொகுப்பு என்பது பல படங்களின் பாட்டை வெட்டி ஒட்டிய தாள். வரிசை ஒன்று நகர்ந்தாலும் பக்கத்துப் பாட்டின் பெயர் இதற்கு வந்துவிடும்.

சமீர் வந்த கதை வேறு. ‘வசீகரா’வின் மெட்டு அதே 2001-இல் இந்தியில் ‘ரெஹ்னா ஹை தேரே தில் மே’ படத்தில் ‘ஜரா ஜரா’வாக வந்தது. இசை அதே ஹாரிஸ், குரல் அதே பாம்பே ஜெயஸ்ரீ. இந்தி வரிகள் சமீர். இசையும் குரலும் ஒன்றே என்பதால் தேடலில் இரண்டும் கலந்து வரும். பாட்டின் தலைப்பையும் ஆல்பத்தின் தலைப்பையும் பாருங்கள். நீங்கள் திறந்தது பெரும்பாலும் இந்திப் பதிவாக இருக்கும், அப்படியானால் சமீர் பெயர் அங்கே சரிதான். தமிழ்த் தலைப்பின் கீழேயே சமீர் என்று இருந்தால் மட்டும்தான் அது தவறு.

மலைக்கோட்டை_ரவி

திரும்பத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான், அது இந்தி ஆல்பம். நான் அட்டைப்படத்தைக் கவனிக்கவில்லை.

செல்வம்_கே

ISRC பற்றி ஒன்றும் சொல்லவில்லையே பரணி?

பதிவேடு_பரணி

சொல்கிறேன். ISRC என்பது 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம். அது ஒலிப்பதிவுக்குரியது, பாட்டை எழுதியதற்குரியது அல்ல. isrcsearch.ifpi.org தளத்தில் போட்டால் தலைப்பு, கலைஞர் பெயர், ஆண்டு மாதிரியான விவரங்கள் வரும். பாடலாசிரியர் வர மாட்டார். மெட்டுக்கும் வரிக்கும் ISWC என்று வேறொரு எண் இருக்கிறது, அது T என்ற எழுத்தில் தொடங்கும். ‘வசீகரா’வை நாளை வேறொருவர் மேடையில் பாடிப் பதிவு செய்து வெளியிட்டால் அதற்குப் புது ISRC வரும். தாமரை எழுதிய வரி அதே வரிதான்.

இன்னொன்று, கேட்பவருக்கு ISRC-ஐச் செயலிகள் பொதுவாகக் காட்டுவதில்லை. ரவி கேட்டது செயலிக்குள்ளேயே கண்டுபிடிப்பது எப்படி என்று.

செல்வம்_கே

சரி, ISRC விஷயத்தில் நான் சொன்னது தவறு. ஆனால் தயாரிப்பாளர் என்பது படத் தயாரிப்பாளர்தான் என்பதில் நான் மாறவில்லை. நம் ஊரில் பாட்டுக்கு என்று தனியாக எந்தத் தயாரிப்பாளரும் கிடையாது.

யாழினி_வயலின்

செல்வம், செயலியில் வரும் "Produced by" படத் தயாரிப்பாளர் அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர். எந்த வாத்தியம் எங்கே, எந்த டேக்கை வைத்துக்கொள்வது, குரல் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்று பார்ப்பவர். நான் ஸ்டூடியோவில் வாசித்த சில பாட்டுகளில் இந்த வேலையை இசையமைப்பாளரே செய்தார். சிலவற்றில் கம்ப்யூட்டரில் வாத்திய ஒலிகளை அமைக்கும் அவருடைய புரோகிராமர் செய்தார், ஆனால் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அது எனக்கு வருத்தமான விஷயம், அவர்கள் ராத்திரி பகலாக வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதிவேடு_பரணி

யாழினி சொல்வதுதான் அந்தத் தலைப்பின் பொருள். ஆனால் செல்வம் சொல்வதையும் முழுக்கத் தள்ள முடியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் ‘தயாரிப்பாளர்’ என்ற ஒரே சொல் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் சேர்த்தே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த வேலையை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுப்பவர் யாரோ அவர் தயாரிப்பாளர். அதனால் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பழக்கம் இருந்தது. ஒருவர் அந்தப் பத்தியில் இசையமைப்பாளர் பெயரைப் போடுவார், இன்னொருவர் படக் கம்பெனியின் பெயரைப் போடுவார். மூன்றாமவர் காலியாக விடுவார். ரவி மூன்று பதிவில் மூன்று விதமாகப் பார்த்தது இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

உரிமை யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் "Produced by" பார்க்க வேண்டாம், ℗ குறிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அது ஒலிப்பதிவின் உரிமையாளர். பெரும்பாலும் படத் தயாரிப்பாளரிடமிருந்து ஆடியோ உரிமையை வாங்கிய லேபிளாக இருக்கும். அதையும் தயாரித்தவர் என்று மேடையில் படித்துவிடாதீர்கள்.

கேசட்_மணி

இங்கே எல்லோரும் செயலி செயலி என்கிறீர்கள். என்னிடம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆடியோ கேசட் இருக்கிறது. உள்ளே மடித்து வைத்த அட்டையில் பாட்டுக்கு நேராகப் பாடகர் பெயர் இருக்கும், பல கேசட்டில் பாடலாசிரியர் பெயரும் இருக்கும். அதில் "Produced by" என்ற வரியை நான் ஒரு தமிழ் சினிமா கேசட்டிலும் பாட்டு வாரியாகப் பார்த்ததில்லை. அச்சிட்ட அட்டையிலேயே இல்லாத பெயரைப் பின்னால் ஏற்றியவர் எங்கிருந்து எடுத்தார்? ஊகித்துத்தானே போட்டிருப்பார்?

பழைய பாட்டில் வேறொரு கொடுமை. ‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1963. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி, வரி கண்ணதாசன், பாடியவர்கள் பி.பி. ஸ்ரீநிவாஸ், பி. சுசீலா. என் பேத்தியின் செயலியில் இசை எம்.எஸ். விஸ்வநாதன் மட்டும். ராமமூர்த்தியைக் காணோம். இரட்டையர்கள் 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள். அத்தனை பாட்டிலும் ஒருவர் பெயரை எடுத்துவிட்டால் அந்த மனிதர் செய்த வேலை எங்கே போகும்? எனக்கு இதில் மனசு ஆறுவதே இல்லை.

பதிவேடு_பரணி

மணி ஐயா, அதற்குக் காரணம் கலைஞர் பக்கம். செயலியில் ஒவ்வொரு கலைஞருக்கும் ஒரு பக்கம் இருக்கும். ‘விஸ்வநாதன் - ராமமூர்த்தி’ என்று சேர்த்து எழுதினால் அது மூன்றாவது ஆளாக ஒரு தனிப் பக்கத்தில் போய் உட்காரும். அதைத் தவிர்க்க, ஏற்றுபவர்கள் ஏற்கெனவே இருக்கும் எம்.எஸ்.வி. பக்கத்தோடு இணைத்துவிடுவார்கள். இரண்டு பெயரையும் தனித்தனியாகப் போட்டு இரண்டு பக்கத்தோடும் இணைத்திருக்கலாம். செய்ய முடியாத காரியமே அல்ல, செய்யாமல் விட்டதுதான்.

ரவி, உங்கள் தாளில் 1965 வரையிலான எம்.எஸ்.வி. பாட்டு இருந்தால் செயலியில் ஒற்றைப் பெயர் வந்தாலும் படத்தின் டைட்டில் கார்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இசைக்கு டைட்டில் கார்டு போதும். பாடலாசிரியருக்கு அது போதாது. ‘பாடல்கள்’ என்று போட்டு இரண்டு மூன்று பேரை வரிசையாகப் போடுவார்கள், எந்தப் பாட்டு யாருடையது என்று சொல்ல மாட்டார்கள்.

கேசட்_மணி

அதற்குப் பாட்டுப் புத்தகம் இருந்தது தம்பி. தியேட்டர் வாசலில் விற்பார்கள். என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, பாதி செல்லரித்துவிட்டது.

தனிப்பாட்டு_அருண்

என் அனுபவம் ஒன்று. சினிமாப் பாட்டு இல்லை, நானே வெளியிட்ட பாட்டு. மெட்டு என்னுடையது, வரி என் நண்பனுடையது. ஒரு விநியோகத் தளத்தில் ஏற்றும்போது பாடலாசிரியர் பெயரைக் கேட்ட கட்டத்தில் என் பெயரையே போட்டுவிட்டேன், ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் அவன் பெயரைச் சேர்த்தேன். அவன் பெயர் முன்னால் தெரிந்தால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். பாட்டு வெளியானதும் அவன் பாடகன் என்று வந்தது, எழுதியவன் நான் என்று வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடியதைப் பார்த்தேன். திருத்த மூன்று வாரம் ஆனது. செயலிக்கு நேரடியாக எழுதினேன், விநியோகஸ்தர் வழியாகத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் ஆர்ட்டிஸ்ட் வரியில் இருப்பவர் எல்லாம் பாடியவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவேடு_பரணி

அருண் சொல்வது சினிமாப் பாட்டுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். நம் சினிமாப் பாட்டில் முதன்மைக் கலைஞராக இசையமைப்பாளரைப் போடுவதுதான் வழக்கம். அவர் பக்கத்தில் பாட்டு சேர வேண்டும் என்பதற்காக. பிறகு பாடகர். சில லேபிள்கள் பாடலாசிரியரையும் அதே வரிசையில் சேர்க்கும். ‘ஹாரிஸ் ஜெயராஜ், பாம்பே ஜெயஸ்ரீ’ என்று பார்த்தால் இருவரும் சேர்ந்து பாடியது போலத் தெரியும். கேட்டுப் பார்த்தால்தான் ஒரே குரல் என்று தெரியும். ஆப்பிள் மியூசிக்கின் கிரெடிட் பக்கத்தில் "Performing Artists" என்ற பகுதியில் பெயருக்குக் கீழே வேலையும் எழுதியிருக்கும் என்பதால் அங்கே பிரித்தறிவது எளிது. அங்கேயும் லேபிள் ‘Vocals’ என்று நிரப்பியிருந்தால்தான்.

மலைக்கோட்டை_ரவி

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து 14 பாட்டையும் மறுபடி பார்த்தேன்.

முதலில் படத்தின் சொந்த ஆல்பத்தில் பாட்டைத் திறந்து கிரெடிட் பார்த்தேன். பிறகு யூடியூப் "Topic" பதிவில் Composer, Lyricist வரிகளை ஒப்பிட்டேன். அப்புறம் அதே ஆல்பத்தில் வேறு மூன்று பாட்டைத் திறந்து பாடலாசிரியர் மாறுகிறாரா என்று பார்த்தேன். இப்படிப் பார்த்ததில் 11 பாட்டுக்கு இசை, வரி, குரல் மூன்றும் ஒத்துப்போகின்றன. ஒரு பாட்டில் மட்டும் ஆல்பம் முழுக்க ஒரே பெயர் இழுத்துவிட்டது போலத் தெரிகிறது, ஏனென்றால் அந்தப் படத்தின் டைட்டில் கார்டில் மூன்று பாடலாசிரியர்கள். மீதி இரண்டு பாட்டுக்கு Lyricist வரியே இல்லை.

தயாரிப்பாளர் என்ற நான்காவது பெயரை எடுத்துவிடலாம் என்று குழுவில் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மட்டும் படத் தயாரிப்பாளர் பெயரைத் தனியாக, ‘படத்தைத் தயாரித்தவர்’ என்று தெளிவாகச் சொல்லலாமே என்கிறார்கள். அது இன்னும் முடிவாகவில்லை.

செல்வம்_கே

அது நல்ல யோசனை சார். ‘தயாரிப்பு’ என்று மொட்டையாகச் சொல்லாமல் ‘படத் தயாரிப்பு’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யாழினி_வயலின்

எனக்கு ஒரு வருத்தம். நான்காவது பெயரை எடுத்த இடத்தில் புரோகிராமரையோ ஒலிப்பதிவாளரையோ சொல்லியிருக்கலாம். ஆப்பிள் மியூசிக்கில் "Production & Engineering" என்று ஒரு பகுதி இருக்கிறது. பழைய தமிழ்ப் பாட்டுக்கு அது பெரும்பாலும் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கோரஸ் பாடியவர்களின் பெயர் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா? 1990-களில் கோரஸ் பாடிய ஒரு அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். எந்தெந்தப் பாட்டு என்று அவருக்கே பாதி நினைவில்லை.

பதிவேடு_பரணி

கோரஸுக்கு எங்கள் தாளில் பத்தி இருந்தது. நான் இருந்த ஆறு வருடத்தில் பழைய பாட்டு எதற்கும் அது நிரம்பி வந்ததாக ஞாபகமில்லை. யூனியன் பதிவேட்டில் கூப்பிட்ட தேதி இருக்கலாம் என்று ஒரு சீனியர் சொல்லுவார். நான் போய்ப் பார்த்ததில்லை.

கேசட்_மணி

ரவி தம்பி, அந்த மூன்று பாட்டின் பெயரை இங்கே போடு. கேசட் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மூன்று பாடலாசிரியர் படத்துக்கு அட்டையில் பாட்டு வாரியாகப் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.